விரலிடுக்கு

பாண்டிச்செல்வி தன் புருசனோடு ஒரே பாயில் படுத்துப் பல மாதம் ஆகியிருந்தது. சண்டை எதுவும் இல்லை. அருள்பாண்டி குடித்துவிட்டு அடிக்கிற ஆளுமில்லை. காலையில் பாயைச் சுருட்டும்போது அதிலிருந்து தவிடு மாதிரிக் கொட்டுகிற வெள்ளைச் செதில்தான் காரணம். தலையணை உறையில் அந்தச் செதில் எண்ணெயோடு ஒட்டி அப்பளமாகக் காய்ந்திருக்கும். அதைத் துவைக்கக் கையில் எடுக்கும்போதெல்லாம் அவளுக்கு அடிவயிறு புரட்டும். வெள்ளாடு குட்டி போட்டால் நஞ்சுக்கொடியைக் கையால் அள்ளிப் போடுகிறவள்தான் அவள். இது மட்டும் ஆகவில்லை.

முதலில் பொடுகு என்றுதான் நினைத்தார்கள். தாயில்பட்டியில் பட்டாசு ஆலைக்குப் போகிற ஆண்களுக்குத் தலையில் எப்போதும் ஏதாவது படிந்திருக்கும். அலுமினியத் தூள் மினுங்கிக்கொண்டே வீட்டுக்கு வருவார்கள். அருள்பாண்டியின் தலையில் மினுங்கியது மட்டும் எத்தனை முறை குளித்தாலும் போகவில்லை. பிறகு முதுகில் சிவப்புத் திட்டாக வந்தது. திட்டின்மேல் மெழுகு உருகி உறைந்ததுபோல் வெள்ளைப் பக்கு. அவன் சொறிந்தால் உதிரும், உதிர்ந்த இடத்தில் ரத்தம் பொட்டுப் பொட்டாகத் துளிர்க்கும். குப்பைமேனி அரைத்துப் பூசினார்கள், வேப்பெண்ணெய் தேய்த்தார்கள், யாரோ சொன்னார்கள் என்று ஏதோ களிம்பும் போட்டார்கள். எல்லாம் சேர்ந்து ஒரு நாற்றமாக அவன்மேல் தங்கிப் போனதே மிச்சம்.

ஆலையில் அவனோடு ஒரே அறையில் உட்கார்ந்து வெடிக்குழாய்க்கு மருந்து செலுத்துகிறவர்கள் ஒருநாள் போர்மேனிடம் போய்ச் சொல்லிவிட்டார்கள். "அந்த ஆளு பக்கத்துல நாங்க உக்கார மாட்டோம். எங்களுக்கும் ஒட்டிக்கிடும்." போர்மேன் வேலுச்சாமி நல்ல மனுசன்தான். தள்ளி நின்றபடியே, "கொஞ்ச நாளு வீட்டுல இரு பாண்டி, சரியானதும் வா" என்றார். அன்று ஆஸ்பத்திரிக்கென்று சாத்தூர் போகிற பஸ்ஸில் ஏறினான் அருள்பாண்டி. பக்கத்து இருக்கைக்காரி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு எழுந்து நின்றே வந்தாள். பாதி வழியிலேயே இறங்கி வெயிலில் நடந்து வீடு வந்தவன், இனிச் செத்தாலும் பஸ் ஏறமாட்டேன் என்று சொல்லிவிட்டான்.

அதனால் சாத்தூரில் மாதம் ஒருமுறை மதுரையிலிருந்து ஒரு தோல் டாக்டரம்மா வந்து பார்க்கிற தர்ம ஆஸ்பத்திரிக்கு, பாண்டிச்செல்வி தனியாகத்தான் போனாள்.

"ஆளைப் பாக்காம எப்படிம்மா மருந்து எழுதுறது?" என்றார் டாக்டரம்மா.

"வரமாட்டேங்காகளே. நீங்க சும்மா ஒரு களிம்பு குடுங்களேன்."

"தப்பான களிம்பு போட்டா இன்னும் மோசமாகும்." டாக்டரம்மா யோசித்தார். "உங்க வீட்டுல யாருகிட்டயாவது டிஜிட்டல் கேமரா இருக்கா? போட்டோ எடுத்து இமெயில்ல அனுப்புனா நான் மதுரையில பாக்குறேன். முகம் தெரிய வேண்டாம். ஆனா போட்டோ ஒழுங்கா இருக்கணும்."

எப்படி எடுப்பது என்று சொல்லிக் கொடுத்தது அங்கிருந்த நர்சு அழகுமீனா. "எண்ணெய், களிம்பு எல்லாத்தையும் முந்தின நாளே கழுவிருங்க. வீட்டுக்குள்ள லைட்டைப் போட்டு எடுக்காதீக, நேர் வெயில்லயும் வேண்டாம். வாசப்பக்கம் நெழல்ல, நல்ல வெளிச்சத்துல உக்கார வைங்க. ஒவ்வொரு எடத்துக்கும் மொதல்ல தள்ளி நின்னு ஒண்ணு எடுக்கணும். அப்பத்தான் அது ஒடம்புல எந்த எடம்னு டாக்டருக்குத் தெரியும். பெறகு கிட்டத்துல ஒண்ணு. கிட்டத்துல எடுக்கையில பக்கத்துல ஒரு ரூவா நாணயத்தை வைங்க, அளவு தெரியும். தலையில முடியை வகுந்து புடிச்சு, தோலு தெரியணும். கால்லயும் எடுக்கணும்க்கா, நகம், விரலிடுக்கு எல்லாம். விரலை விரிச்சுப் புடிச்சு எடுக்கணும்."

விரலிடுக்கு என்றதும் பாண்டிச்செல்வியின் முகம் சுளித்தது. அவன் காலைப் பார்த்தே நெடுநாளாகியிருந்தது. அதன் வாடை மட்டும் அவளுக்குத் தெரியும்.

அவள் தம்பி சங்கையா சிவகாசியில் காலண்டர் அச்சடிக்கிற கம்பெனியில் வேலை பார்த்தான். சாம்பிள் படம் எடுக்க அங்கே ஒரு சின்ன கேமரா உண்டு. ஞாயிற்றுக்கிழமை முதலாளியிடம் கேட்டு வாங்கிக்கொண்டு வந்துவிட்டான்.

"நீ தள்ளு எக்கா, நான் எடுக்கேன். ஒரு நிமிசத்துல முடிச்சுருவேன்" என்று தெம்பாகத்தான் ஆரம்பித்தான். அருள்பாண்டி கொல்லை வாசலில் முக்காலியில் உட்கார்ந்து, தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்தான். சங்கையா கேமராவைக் கொண்டு போய்க் குனிந்தான். மச்சானின் உச்சந்தலையில் முடிக் கற்றைகள் செதிலுக்குள் சிக்கிப் பிசின்போல் ஒட்டிக் கிடந்தன. காதுக்குப் பின்னால் தோல் பிளந்து நீர் கசிந்தது. ஒரு துணுக்கு உதிர்ந்து சங்கையாவின் கைமேல் விழுந்தது.

அவ்வளவுதான். கேமராவை அக்கா கையில் திணித்துவிட்டு வேலியோரம் ஓடினான். காலையில் தின்ற பணியாரம் முழுவதும் வெளியே வந்தது.

அருள்பாண்டி திரும்பிப் பார்க்கவில்லை. துண்டை எடுத்து மறுபடி தலையில் போட்டுக்கொண்டான். "நீங்க யாரும் எடுக்க வேணாம். அந்தப் பெட்டியை இங்கன குடு. நானே எடுத்துக்கிடுதேன்."

"உங்க முதுகை நீங்க எப்பிடி எடுப்பீக?"

"கண்ணாடி எதுக்கு இருக்கு?"

சுவரில் மாட்டியிருந்த முகக்கண்ணாடியைக் கழற்றி மண்சுவரில் சாய்த்து வைத்தான். அதற்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு, சவரம் பண்ணுகிற சின்னக் கண்ணாடியை முகத்துக்கு நேரே பிடித்து, முதுகு தெரிகிறதா என்று பார்த்தான். தெரிந்தது. பிறகு ஒரு கையால் கேமராவைத் தோளுக்குமேல் தூக்கிப் பின்னால் நீட்டி அழுத்தினான். பளிச்சென்று மின்னல் அடித்தது. படத்தில் கண்ணாடி நடுவே ஒரு வெள்ளை நெருப்புப் பந்து, ஓரத்தில் அவன் கட்டைவிரல். இன்னொன்று எடுத்தான். அதிலும் நெருப்புப் பந்துதான். மூன்றாவதில் கூரை ஓடு.

வேலியோரத்திலிருந்து வாயைத் துடைத்துக்கொண்டே சங்கையா சொன்னான், "மச்சான், பிளாஷ் கண்ணாடியில பட்டுத் திரும்புது. அதை அமத்துங்க. மின்னல் மாதிரிப் படம் போட்ட பட்டன்." கிட்டே வரவில்லை. பத்தடி தள்ளி நின்றே சொன்னான். "வெளிச்சம் கண்ணாடி மேல விழக்கூடாது, உங்க முதுகு மேல விழணும். முதுகை வாசப்பக்கம் சாச்சு நில்லுங்க. கேமராவைக் கண்ணாடிக்கு நேரா நீட்டாம கொஞ்சம் ஒருச்சாச்சுப் புடிங்க. கேமராவே படத்துல விழுந்துரும், இல்லேன்னா."

பாண்டிச்செல்வி கண்ணாடியைச் சேலைத் தலைப்பால் துடைத்தாள். மாமரத்து நிழலுக்குப் பக்கம் அதைத் திருப்பி வைத்தாள். அவள் செய்தது அந்த அளவுதான். நாலைந்து முயற்சிக்குப் பிறகு முதுகு முழுதும் ஓரளவு தெளிவாக விழுந்த படம் ஒன்று கிடைத்தது. கிட்டத்துப் படம்தான் கண்ணாடியில் சரிப்படவேயில்லை. கேமரா செதிலைப் பிடிக்காமல் கண்ணாடியின் கீறலைப் பிடித்தது. தலைக்கோ, கண்ணாடி, சீப்பு, கேமரா மூன்றையும் பிடிக்க அவனுக்கு மூன்றாவது கை வேண்டியிருந்தது. முடியை வகுந்தால் கேமரா ஆடியது. கேமராவைப் பிடித்தால் முடி மூடிக்கொண்டது. கடைசியில் அவன் கேமராவை முக்காலிமேல் வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தான். அழவில்லை. ஆனால் உட்கார்ந்த விதம் பாண்டிச்செல்விக்குப் பொறுக்கவில்லை.

"உக்காருங்க" என்றாள். "வாயைத் தொறந்து எதுவும் பேசாதீக. பேசுனா நானும் ஓங்கரிச்சுருவேன்."

மூச்சை வாயால் விட்டபடி சீப்பின் கூர்முனையால் முடியை வகுந்தாள். பக்கு பெயர்ந்து சீப்பின் பல்லில் ஏறியது. வகுந்த முடியை இரண்டு பக்கமும் கொண்டை ஊசியால் குத்திவிட்டாள். அப்போதுதான் கை இரண்டும் கேமராவுக்கு மிஞ்சின. தம்பி சொன்னபடி, கிட்டத்தில் எடுப்பதற்கான பூப் படம் போட்ட பட்டனை அழுத்தி, ஒரு சாண் தள்ளிப் பிடித்து, பாதி அழுத்திப் பச்சைக் கட்டம் வந்ததும் முழுதாக அழுத்தினாள். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். அத்தனை தெளிவு. ரத்தப் பொட்டு, வெள்ளிச் செதில், செதிலுக்குள் மாட்டிய ஒற்றை முடி. நேரில் பார்த்தபோது கண்ணைச் சுருக்கித் தப்பித்துக்கொண்டதெல்லாம் படத்தில் தப்பவே முடியாமல் கிடந்தது.

முதுகையும் கிட்டத்தில் எடுத்தாள். காலுக்கு வந்தபோது அவளால் முடியவில்லை. நாலடி தள்ளி நின்று இரண்டு பாதத்தையும் மேலிருந்து ஒரு படம் எடுத்தாள். விரல்கள் ஒட்டியபடியே இருந்தன.

"விரிக்கணும்னாகளே?" என்றான் அவன்.

"போதும். எல்லாந்தான் தெரியுதே" என்று சொல்லிவிட்டுக் கிணற்றடிக்குப் போய்ச் சோப்புப் போட்டு முழங்கை வரை கழுவினாள். மூன்று தடவை கழுவியும் கையில் அந்த வாடை இருப்பதுபோலவே இருந்தது. மத்தியானச் சோற்றை ஸ்பூனால் தின்றாள்.

சாத்தூர் பிரௌசிங் சென்டரில் அக்காளும் தம்பியுமாகப் போய் உட்கார்ந்தார்கள். படங்கள் ஒவ்வொன்றாகத் திரையில் விரிந்தபோது பக்கத்துத் தடுப்பிலிருந்த ஒருவன் எட்டிப் பார்த்து, "என்ன கருமம்யா இது" என்று எழுந்து வேறு இடத்துக்குப் போனான். கடைக்காரன் வந்து, "சீக்கிரம் முடிங்க தம்பி, ஆளுங்க வாராங்க" என்றான். பாண்டிச்செல்விக்கு அவனை அறையத் தோன்றியது. அடுத்த நொடியே, தானும் அப்படித்தானே முகத்தைச் சுளித்தோம் என்று உறைத்தது. திரையில் கிடந்த முதுகைச் சேலைத் தலைப்பை விரித்து மறைத்துக்கொண்டு நின்றாள்.

இரண்டாம் நாள் சங்கையாவின் செல்போனுக்கு நர்சு அழகுமீனா பேசினாள். அவன் தாயில்பட்டிக்குத் திரும்புகிற ஒருத்தரிடம் சொல்லி அனுப்ப, பாண்டிச்செல்வி கடைப் போனில் திருப்பிக் கூப்பிட்டாள்.

"தலையும் முதுகும் நல்லா எடுத்திருக்கீகக்கா. டாக்டரம்மா பாத்துட்டாங்க. தள்ளி நின்னு எடுத்த முதுகு மட்டும் கண்ணாடியில எடுத்ததா? பெரிய திட்டு அதுல ஒரு தோள்ல இருக்கு, கிட்டத்துல எடுத்ததுல மறுதோள்ல இருக்கு."

"ஆமா, கண்ணாடிதான்."

"அதான். கண்ணாடியில எடுத்தா மாறித்தான் விழும். இனிமே எடுத்தா சொல்லிருங்க. ஆனா காலு படம் ஒண்ணுக்கும் ஆகாதுக்கா. விரலிடுக்கு தெரியவேயில்ல. மறுபடி எடுத்து அனுப்புங்க."

"அது எதுக்கு? சொறியிறது தலையும் முதுகுந்தான."

"முழுசாப் பாக்காம டாக்டரம்மா மருந்து எழுத மாட்டாங்க. தொடக் கஷ்டமா இருந்தா பஞ்சை உருட்டி விரலுக்கு நடுவுல வைங்க. அதுவே விரிச்சுப் புடிச்சுக்கிடும். ஈரத்தை நல்லாத் தொடச்சிட்டு எடுங்க."

தொடக் கஷ்டமாக இருந்தால். அந்தப் பெண்ணுக்கு எப்படித் தெரிந்தது என்று பாண்டிச்செல்விக்குக் கூசியது.

மறுபடி ஞாயிறு. மறுபடி கேமரா. இந்த முறை அவள் கையில் இரண்டு கேரிபேக்கை மாட்டி மணிக்கட்டில் ரப்பர் பேண்டு போட்டுக்கொண்டு வந்தாள். முக்காலியில் உட்கார்ந்திருந்த அருள்பாண்டி அந்தப் பைகளைப் பார்த்தான். முகம் செத்துப் போயிற்று.

"செத்த நாயைத் தூக்கிப் போடுறவன்தான் இப்படி மாட்டிக்கிடுவான்" என்றான்.

"எனக்கு முடியலங்க." அவள் ஒளிக்கவில்லை. "பொய் சொல்லி என்ன ஆகப்போகுது? எனக்கு அருவருப்பா இருக்கு. மாட்டிக்கிட்டாவது செய்யிறேன்ல. காலைக் காட்டுங்க."

வெந்நீரில் சோப்புக் கரைத்து இரண்டு காலையும் ஊற வைத்தாள். ஆலையில் செருப்புப் போடக்கூடாது. வெறுங்காலோடுதான் நடக்க வேண்டும். காலமெல்லாம் மருந்துத் தரையில் நடந்த பாதம் அது. வெடிப்புக்குள் கறுப்பு ஏறிக் கிடந்தது. துடைத்து உலர்த்திவிட்டு, வலது காலில் ஒவ்வொரு விரலாக விலக்கிப் பஞ்சு வைத்தாள். ஒன்றுமில்லை. ஒரு படம் எடுத்துக்கொண்டாள். இடது காலில் சுண்டுவிரலை விலக்கியதும் அந்த வாடை குப்பென்று அடித்தது. அழுகிய வெங்காயமும் ஊறின துணியும் சேர்ந்தது மாதிரி. இடுக்குத் தோல் தண்ணீரில் நாளெல்லாம் கிடந்ததுபோல வெளுத்து, ஊறி, பிய்ந்து தொங்கியது. முகத்தைத் திருப்பி இரண்டு தரம் ஓங்கரித்தாள். கண்ணில் நீர் வந்தது. திரும்பவும் குனிந்தாள்.

வெளுத்த தோலுக்குக் கீழே, விரலின் உட்பக்கத்தில், ஒரு கறுப்பு.

மருந்துக் கறுப்பு என்று நினைத்து ஈரப் பஞ்சால் தேய்த்தாள். போகவில்லை. அழுத்தித் தேய்த்தாள். பஞ்சு வெள்ளையாகவே இருந்தது. கேரிபேக்குக்குள் விரல் வழுக்கியது, சரியாக விலக்க முடியவில்லை. ஒரு கணம் பார்த்தாள். பிறகு பல்லால் ரப்பர் பேண்டை இழுத்துவிட்டு இரண்டு பையையும் உருவி எறிந்தாள். வெறும் விரலால் சுண்டுவிரலை அகட்டிப் பிடித்தாள். கறுப்பு ஒரே கறுப்பாக இல்லை. நடுவில் கரி மாதிரி, ஒரு ஓரத்தில் பழுப்பு, இன்னொரு ஓரத்தில் மை சிந்திப் பரவினது மாதிரிக் கோணல்மாணலாக இருந்தது.

"இது எப்ப இருந்து இருக்கு?"

"எது?"

அவனுக்குத் தெரியவேயில்லை. குனிந்து பார்க்கிற இடமா அது? சவரக் கண்ணாடியை எடுத்து வந்து காலுக்குக் கீழே சாய்த்துக் காட்டினாள். அவன் நெடுநேரம் பார்த்தான்.

"கரிமருந்து ஏறியிருக்கும். போயிரும்" என்றான்.

"விரலை இப்பிடியே புடிச்சுக்கிடுங்க. அசையாதீக."

தள்ளி ஒன்று, கிட்டத்தில் ஒன்று, நாணயத்தை வைத்து ஒன்று. முதல் படம் மங்கல். முழங்கையைத் தொடையில் ஊன்றி, மூச்சைப் பிடித்து மறுபடி எடுத்தாள். இந்த முறை தெளிவாக விழுந்தது.

இந்தத் தடவை நர்சு பேசவில்லை. படங்கள் போய்ச் சேர்ந்த மறுநாளே டாக்டரம்மாவே கடைப் போனுக்குப் பேசினார்.

"தலையிலயும் முதுகுலயும் இருக்கிறது சொரியாசிஸ் மாதிரித்தான் தெரியுது. காளாஞ்சகப்படைன்னு சொல்வாங்களே, அது. யாருக்கும் ஒட்டாது. நீங்க பக்கத்துல படுக்கலாம், அவர் துணியத் துவைக்கலாம், ஒண்ணும் ஆகாது. அதுக்கு மருந்து இருக்கு. ஆனா விரலிடுக்குல இருக்கிற கறுப்பு வேற விசயம்மா. படத்தை வச்சு என்னன்னு சொல்ல முடியாது. நேர்ல பாக்கணும், துளி சதை எடுத்துச் சோதிக்கணும். மாத கேம்புக்குக் காத்திருக்க வேண்டாம். நாளைக்கே மதுரைக்குக் கூட்டிட்டு வாங்க."

"பஸ் ஏற மாட்டாகளே அவுக."

"ஏத்துங்க" என்றார் டாக்டரம்மா. போனை வைத்துவிட்டார்.

வீட்டில் அவள் சொன்னதும் அருள்பாண்டி சிரித்தான். சொறியாத, வலிக்காத இத்துனூண்டு கறுப்புக்கா மதுரை? ஊரே மூக்கைப் பொத்தும், வரமாட்டேன் என்றான். பாண்டிச்செல்வி கெஞ்சவில்லை. சங்கையா விட்டுப் போயிருந்த கேமராவைக் கொண்டுவந்து, அந்தப் படத்தைத் திரையில் பெரிதாக்கி அவன் மடியில் வைத்தாள்.

"பாருங்க. இதை நான் கையால புடிச்சு எடுத்தேன். எனக்குக் குடலு வெளிய வந்துச்சு, இருந்தாலும் புடிச்சேன். பஸ்ஸுல நாலு பேரு மூஞ்சியச் சுளிப்பாகன்னு நீங்க வீட்டுல உக்காந்தீகன்னா, நான் புடிச்சதுக்கு என்ன மரியாத?"

மறுநாள் காலை பஸ்ஸில் ஜன்னலோரம் அவனை உட்கார வைத்து, பக்கத்தில் அவள் உட்கார்ந்துகொண்டாள். யார் எழுந்தார்கள், யார் முறைத்தார்கள் என்று இருவருமே பார்க்கவில்லை. அவன் தோளிலிருந்து செதில் அவள் சேலையில் உதிர்ந்தது. தட்டிவிட்டாள், உடம்பு ஒருதரம் சிலிர்த்தது, நகர்ந்து உட்காரவில்லை.

சதை எடுத்துச் சோதித்ததில் அது தோலில் வருகிற ஒருவகைப் புற்று என்றார்கள். பொல்லாத வகை. ஆனால் ஆழமாக இறங்கவில்லை. இன்னும் சில மாதம் விட்டிருந்தால் தொடையிடுக்குக்கு ஏறியிருக்கும் என்றார் அறுவை செய்த பெரிய டாக்டர். மதுரை பெரியாஸ்பத்திரியில் இடது சுண்டுவிரலை எடுத்தார்கள். அருள்பாண்டி கட்டுப் போட்ட காலைப் பார்த்து ஒருநாள் முழுக்கச் சாப்பிடாமல் கிடந்தான். மறுநாள் சோறு கேட்டான்.

தலைக்கும் முதுகுக்கும் களிம்பும் தைலமும் கொடுத்தார்கள். பங்குனி வரும்போது முதுகு பாதி தெளிந்திருந்தது. முழுதாகப் போகாது, வரும் போகும் என்று டாக்டரம்மா முன்பே சொல்லியிருந்தார். டாக்டரம்மாவிடம் பேசிவிட்டு வேலுச்சாமி அவனை மறுபடி எடுத்துக்கொண்டார், மருந்தறையில் இல்லை, பெட்டி கட்டுகிற ஷெட்டில். அங்கேயும் இரண்டு பேர் தள்ளித்தான் உட்கார்ந்தார்கள். அவன் கண்டுகொள்வதை விட்டுவிட்டான்.

மாதம் ஒருமுறை மற்ற விரலிடுக்கு, உள்ளங்கால், நகம், முதுகு எல்லாவற்றையும் பார்த்துப் படம் எடுத்து வைக்க வேண்டும் என்பது டாக்டரம்மாவின் கட்டளை. புதிதாக ஏதாவது முளைத்தால் பழைய படத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். சங்கையா அவளுக்குப் பழைய கேமரா போன் ஒன்று வாங்கிக் கொடுத்தான். படம் அவ்வளவு துல்லியமாக விழாது என்றாலும் பகல் வெளிச்சத்தில் சமாளித்தாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கொல்லை வாசலில், அவன் காலை மடியில் தூக்கி வைத்து விரலை விலக்கிக்கொண்டிருந்தாள். பஞ்சு இல்லை, பை இல்லை. மூன்றாம் விரலிடுக்கில் மறுபடி தோல் ஊறி வெளுத்திருந்தது. அவள் மூச்சை வாயால் விடுவதை அவன் கவனித்தான்.

"இன்னமும் அருவருப்பாத்தான் இருக்கா செல்வி?"

"இருக்கு" என்றாள் அவள். "காலை ஆட்டாதீக. படம் கலங்குது."